வேலூர்ப் பட்டியலில் கண்டியரசர்: ஸ்ரீ விக்கிரமராசசிங்கரின் இறுதிப் பதினாறு ஆண்டுகள் (1816–1832)

கண்டியின் இறுதி மன்னர் ஸ்ரீ விக்கிரமராசசிங்கரைப் பற்றிய வரலாற்று நூல்கள் பெரும்பாலும் 1815-ஆம் ஆண்டோடு நின்றுவிடுகின்றன. முடியிழந்த பின் அவர் வேலூர்க் கோட்டையில் பதினாறு ஆண்டுகள் வாழ்ந்தார் என்ற செய்தி ஒரு வரியில் கூறப்பட்டு முடிக்கப்பெறும். அவர் கண்டியில் அரசாண்டது பதினேழு ஆண்டுகளே என்பதை நோக்கும்போது, ஏறத்தாழ அதே அளவான பிற்கால வாழ்க்கை ஒரு வரிக்குள் அடங்குவது பொருத்தமன்று. அப்பிற்கால வாழ்க்கையைக் கடிதங்கள், நாட்குறிப்பு, உபகாரச் சம்பளக் கணக்குகள் ஆகியவற்றின் வழியே எவ்வாறு அறியலாம் என்பதையும், அவ்வாவணங்கள் எவ்விடத்தில் நம்மை ஏமாற்றக்கூடும் என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அந்தமானுக்கு அனுப்பப்படாதவர்

நாடுகடத்தல் என்றதும் தமிழ் வாசகர் நெஞ்சில் முதலில் எழுவது அந்தமானே. ஆயின் கண்டியரசர் சிறைப்பட்ட காலத்தில் அந்தமானில் குடியேற்றம் எதுவும் இல்லை. ஆர்ச்சிபால்ட் பிளேர் 1789-இல் அங்கு நிறுவிய முதல் குடியேற்றம், பின்னர் வடக்கே மாற்றப்பட்டு, நோயும் இறப்பும் மிகுந்தமையால் 1796-இல் கைவிடப்பட்டது. அங்கிருந்த கைதிகள் பினாங்குக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். மீண்டும் 1858-இல்தான் அந்தமான் தண்டனைத் தீவாயிற்று. இடைப்பட்ட அறுபத்திரண்டு ஆண்டுகளில் நாடுகடத்தப்பட்டோருக்குப் பிற இடங்களே கதியாயின. 1801-ஆம் ஆண்டுத் தென்னகப் புரட்சிக்குப் பின் சின்ன மருதுவின் மகன் துரைச்சாமியும் வேங்கன் பெரிய உடையணத் தேவரும் பிறரும் 1802-இல் பினாங்குக்கு அனுப்பப்பட்டனர். 1817–18-இல் ஊவாவில் எழுந்த கிளர்ச்சிக்குப் பின் கண்டிப் பிரதானிகள் சிலர் மொரீசியசுக்கு அனுப்பப்பட்டனர். ஆங்கிலேயருக்குக் கண்டியைக் காட்டிக்கொடுத்த எகலப்பொலவும் பின்னர் அங்கேயே அனுப்பப்பட்டு 1829-இல் இறந்தார்.

எனினும் அந்தமான் மூடியிருந்தது என்பது மட்டுமே கண்டியரசர் வேலூருக்கு வந்தமைக்குக் காரணமாகாது. அந்தமான் திறக்கப்பட்ட பின்னரும் முடியிழந்த மன்னர்கள் பெரும்பாலும் அங்கு அனுப்பப்படவில்லை. இரண்டாம் பகதூர் ஷா இரங்கூனுக்கும், பர்மிய மன்னர் திபாவ் 1885-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு ரத்தினகிரிக்கும் சென்றனர். இதற்கு மாறாக, 1891-ஆம் ஆண்டு மணிப்பூர்ப் போரின் பின் குலச்சந்திர சிங் விசாரிக்கப்பட்டு, மரண தண்டனை ஆயுள் நாடுகடத்தலாகக் குறைக்கப்பட்டு, அந்தமானுக்கு அனுப்பப்பட்டார். அவரும் உடன்சென்றோரும் வைக்கப்பட்ட ஹாரியட் மலைக்கு 2021-இல் மணிப்பூர் மலை என்று பெயர் மாற்றப்பட்டமை பலரும் அறிந்ததே. அரசர் என்ற நிலையில் பெரிதும் ஒத்த இவர்களுள் கண்டியரசரையும் மணிப்பூர் மன்னரையும் ஒப்பிட்டால் ஒரு வேறுபாடு புலப்படும். மணிப்பூர் மன்னர் குற்றவாளியாகத் தீர்ப்பளிக்கப்பட்டவர். கண்டியரசர் மீது எந்த நீதிமன்றத்திலும் வழக்கு நடைபெறவில்லை. 1815 மார்ச் 2-ஆம் நாள் கையெழுத்தான கண்டி உடன்படிக்கையின் ஒரு விதியே அவரை அரியணையிலிருந்து நீக்கிற்று.

இவ்வேறுபாடு ஆவணங்களின் இயல்பையே மாற்றிவிடுகிறது. தண்டனைக் கைதியைப் பற்றி எழுதப்படுவது பதிவேடு. அதில் எண், குற்றம், தண்டனைக் காலம், உடல் அடையாளம் ஆகியன இருக்கும்; குடும்பம் இராது. அரசியல் கைதியைப் பற்றி எழுதப்படுவதோ கணக்கு. அதில் குற்றம் இராது, குடும்பம் இருக்கும். மனைவியர், தாயார், மைத்துனர், பணியாளர் என ஒவ்வொருவருக்கும் ஒரு தொகை எழுதப்படும். கண்டியரசரின் இறுதிக் காலத்தை நாம் அறிய முடிவது அவர் குற்றவாளியாகக் கருதப்படாமையாலும், ஒரு செலவினமாகக் கருதப்பட்டமையாலுமே ஆகும்.

சிறைப்பிடிப்பிலிருந்து கப்பல் வரை

மதுரை நாயக்கர் மரபோடு உறவுடைய குடும்பத்தில் 1780-இல் பிறந்த கண்ணுச்சாமி என்பவரே, மகா அதிகாரம் பிலிமத்தலாவையின் ஏற்பாட்டால் 1798-இல் தம் பதினெட்டாம் வயதில் ஸ்ரீ விக்கிரமராசசிங்கர் என்னும் பெயரோடு கண்டி அரியணை ஏறினார். 1739-இல் தொடங்கிய நாயக்கர் மரபில் அவர் நான்காமவர். 1815 பிப்ரவரி 14-இல் ஆங்கிலப் படை கண்டியில் நுழைந்தபோது நகரில் அரசர் இல்லை. நான்கு நாள் கழித்து, 18-ஆம் நாள், மெதமகநுவரைப் பகுதியில் அவர் பிடிபட்டார். மார்ச் மாதத் தொடக்கத்தில் கொழும்புக்குக் கொண்டுவரப்பட்டார்.

கொழும்பில் அவருக்கு ஒதுக்கப்பட்ட வீட்டைக் கண்டு, இனி அரசனாக இருக்க இயலாத நிலையில் காட்டப்பட்ட இந்த அன்புக்கு நன்றி என்னும் கருத்துப்படப் பேசினார் என ஆங்கில நூல்கள் கூறுகின்றன. இலங்கையில் படை மருத்துவராகப் பணியாற்றிய ஹென்றி மார்ஷல் 1846-இல் வெளியிட்ட நூலில் இன்னொரு பேச்சு பதிவாகியுள்ளது. அரசர் மேஜர் ஹுக்கிடம் கூறியதாக வரும் அதன் சாரம் இது: ஆங்கில ஆளுநரைச் சுற்றி, சினத்தில் எதையும் செய்யவிடாத ஆலோசகர்கள் இருக்கிறார்கள், அதனால் அவர்கள் தண்டிப்பது குறைவு, கண்டியரசர்க்கோ சினம் ஆறுவதற்கு முன்பே குற்றவாளி இறந்துவிடுகிறான்.

இப்பேச்சு அடிக்கடி எடுத்தாளப்படுவது. அரசரின் கொடுமைக்கு அவரே தந்த வாக்குமூலம் என்று சிலரும், அவருடைய அறிவுக்கூர்மைக்குச் சான்று என்று சிலரும் கொள்வர். இரண்டிற்கும் முன் கேட்கவேண்டிய வினா ஒன்றுண்டு. இதை அவர் எம்மொழியில் கூறினார்? ஆங்கிலத்தில் கூறியிருக்க இயலாது. நாயக்கர் குடும்பத்தின் முன்னோர் மொழி தெலுங்கு. கண்டி அரண்மனையில் தமிழும் சிங்களமும் வழங்கின. எனவே அரசர் கூறியது மொழிபெயர்ப்பாளர் ஒருவரின் வாய்வழி ஹுக்கை அடைந்து, ஹுக்கிடமிருந்து எவ்வாறோ மார்ஷலை அடைந்து, முப்பதாண்டுக்குப் பின் அச்சேறியுள்ளது. இதில் நயமான ஆங்கில வாக்கிய அமைப்பு யாருடையது என்பதைச் சொல்ல இயலாது. கருத்து அரசருடையதாக இருக்கலாம், சொல் அவருடையதன்று.

1816 ஜனவரி 24-ஆம் நாள் அரசரும் அரசியரும் உறவினரும் கார்ன்வாலிஸ் என்னும் போர்க்கப்பலில் கொழும்பிலிருந்து ஏற்றப்பட்டனர். பிப்ரவரி 22-இல் சென்னையில் இறங்கினர். சாதாரணமாகச் சில நாள்களில் முடியக்கூடிய கடல்வழி முப்பது நாள் நீண்டுள்ளது. தை, மாசி மாதங்களில் வீசும் வாடைக்காற்றுக்கு எதிராக வடக்கு நோக்கிச் செல்லும் பாய்மரக் கப்பல் கடலில் அங்குமிங்கும் வளைந்து வளைந்தே முன்னேற முடியும் என்பதை அறிந்தோர்க்கு இது வியப்பன்று. இந்த நீண்ட பயணமே நமக்கு ஓர் அரிய ஆவணத்தைத் தந்தது. அரசரின் பொறுப்பாளராக உடன்சென்ற இலங்கை அரசு அலுவலர் வில்லியம் கிரான்வில் எழுதிவைத்த குறிப்புகளே அவை. விரைந்து சென்றிருந்தால் அக்குறிப்புகள் நான்கைந்து பக்கத்தோடு முடிந்திருக்கும். முடியிழந்த ஓர் அரசரோடு ஓர் அதிகாரி நாள்தோறும் உரையாடும் வாய்ப்பு இக்காற்றால் கிடைத்தது.

கிரான்வில்லின் எழுத்தைப் பயன்படுத்துவோர் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். அவர் நண்பராக எழுதவில்லை, காவலராக எழுதினார். அரசரின் மனநிலை, உணவு, கோபம், அமைதி ஆகியவற்றை அவர் கவனித்தமைக்குக் காரணம், அவை மேலிடம் அறிய விரும்பியவை என்பதே. அதே வேளையில், அரசரை நாள்தோறும் அருகிருந்து கண்டு எழுதியவர் அவரே என்பதால், தொலைவிலிருந்து எழுதிய பிறரைவிட அவருடைய எழுத்து மதிப்புடையது.

உபகாரச் சம்பளம் என்னும் சொல்

சென்னையிலிருந்து ஏறத்தாழ 135 கி.மீ. மேற்கேயுள்ள வேலூர் ஏன் தெரிவு செய்யப்பட்டது? கோட்டையும் அகழியும் படையும் அங்கிருந்தன என்பது மட்டும் காரணமன்று. அரச குடும்பம் ஒன்றைக் காவலில் வைத்துப் பராமரிக்கும் நிர்வாகப் பழக்கம் அங்கு முன்னரே இருந்தது. 1799-இல் திப்பு சுல்தான் வீழ்ந்த பின் அவருடைய மக்களும் ஐதர், திப்பு ஆகியோரின் மகளிரும் வேலூரில் வைக்கப்பட்டனர். அவர்களுக்குரிய தொகையை வழங்கவும் அவர்களைக் கண்காணிக்கவும் உபகாரச் சம்பளப் பட்டுவாடா அதிகாரி ஒருவர் அமர்த்தப்பட்டார். 1806 ஜூலை 10-இல் நிகழ்ந்த சிப்பாய்ப் புரட்சியின்போது அப்பதவியில் இருந்தவர் தாமஸ் மாரியட். புரட்சிக்குப் பின் திப்புவின் மக்கள் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டனர். ஆயின் மகளிர் பலர் வேலூரிலேயே தங்கினர். திப்புவின் மனைவி பாதுஷா பேகம் 1834-இல்தான் காலமானார். எனவே கண்டியரசர் வேலூர் வந்தபோது, அங்கே கட்டடங்களோடு ஒரு கணக்கு முறையும் அவருக்காகக் காத்திருந்தது எனலாம். அவர் வாழ்ந்த கட்டடம் இன்றும் கண்டி மகால் என்றே வழங்கப்பெறுகிறது. திப்பு மகால், ஐதர் மகால் ஆகியன அதன் அண்டை.

இவ்விடத்தில் சொல் ஒன்றைப் பற்றிச் சிறிது நிற்க வேண்டும். இக்காலத்தில் பென்ஷன் என்பதை ஓய்வூதியம் என்று மொழிபெயர்க்கிறோம். பணியாற்றி ஓய்வு பெற்றவர்க்கு அளிக்கும் ஊதியம் என்பது அதன் பொருள். கண்டியரசர் பணியாற்றவும் இல்லை, ஓய்வு பெறவும் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழில் வழங்கிய உபகாரச் சம்பளம் என்னும் சொல் உண்மையை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. கொடுப்பவர் செய்யும் உபகாரம் அது. பெறுபவரின் உரிமை அன்று. அத்தோடு, சம்பளம் என்றமையால் மாதந்தோறும் பெறுபவர் நிலைமாறாது இருந்தாக வேண்டும் என்னும் எதிர்பார்ப்பும் அதிலுண்டு. காவல், நன்னடத்தை, உணவு மூன்றும் அச்சொல்லில் கலந்துள்ளன. ஓய்வூதியம் எனப் பெயர்த்தால் இம்மூன்றும் மறைந்துபோகும். பழைய ஆவணங்களைப் பெயர்ப்போர் இச்சொல்லை மீட்டுக்கொள்வது நல்லது.

அரசியல் கைதிகளைப் பற்றிய கும்பினியின் சட்டத்திலும் இக்கலப்பைக் காணலாம். வங்காளத்தின் 1818-ஆம் ஆண்டு மூன்றாம் ஒழுங்குமுறைச் சட்டம் விசாரணையின்றி ஒருவரைக் காவலில் வைக்க இடமளித்தது. அதே சட்டம், காவலில் வைத்திருக்கும் அதிகாரி கைதியின் நடத்தை, உடல்நலம், வசதி ஆகியவற்றைப் பற்றிக் குறித்த காலத்தில் அறிக்கை அனுப்ப வேண்டும் என்றும், அவருக்கும் அவர் குடும்பத்துக்கும் ஒதுக்கிய தொகை அவர் தகுதிக்குப் போதுமானதா என்று தெரிவிக்க வேண்டும் என்றும் விதித்தது. சென்னை மாகாணம் இதையொத்த சட்டத்தை 1819-இல் இயற்றிற்று. கண்டியரசரின் காவல் இச்சட்டங்களுக்கு முன்னரே தொடங்கியது. ஆயினும் இக்காலத்து அதிகாரிகள் எதை எழுதக் கடமைப்பட்டிருந்தனர் என்பதை இவை விளக்குகின்றன. கைதியின் உடல்நலம் கடிதங்களில் மீண்டும் மீண்டும் வருவது இரக்கத்தினால் அன்று. அது படிவத்தின் ஓர் உறுப்பு.

இரண்டு அரசுகள், நான்கு நாணயங்கள்

கண்டியரசரின் கணக்குகளைப் படிப்போர் முதலில் இடறி விழும் இடம் இதுவே. இலங்கை 1802 முதல் ஆங்கில முடியரசின் நேரடி ஆட்சிக்குட்பட்ட குடியேற்ற நாடு. வேலூரோ கிழக்கிந்தியக் கும்பினியின் சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. இரண்டும் ஆங்கில ஆட்சியே என்றாலும் இவற்றின் கருவூலங்கள் வேறு. அரசரைப் பராமரிக்கும் செலவை இலங்கை அரசு ஏற்றது. அதைக் கையால் வழங்கியது சென்னை அரசு. ஆகவே வேலூரில் கொடுக்கப்பட்ட ஒவ்வொரு தொகைக்கும் இரண்டு எழுத்துகள் உண்டு. ஒன்று வேலூரில் கொடுத்ததற்கான கணக்கு. மற்றொன்று அதைத் திரும்பப் பெறக் கொழும்புக்கு எழுதிய கடிதம். முன்னதன் தொடர்ச்சி சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும், பின்னதன் தொடர்ச்சி இலங்கைத் தேசிய ஆவணக் காப்பகத்திலும் லண்டனில் குடியேற்ற நாட்டு அலுவலகக் கடிதத் தொகுதிகளிலும் தேடத்தக்கன. இவற்றுள் ஒன்றை மட்டும் படிப்பவர் பாதியையே படிக்கிறார். ஒரே செலவைச் சென்னை கொடுத்த தொகையாகவும் கொழும்பு கொடுத்த தொகையாகவும் இருமுறை எண்ணிவிடும் தவறும் நேரலாம்.

நாணயம் அடுத்த சிக்கல். அரசர் வந்த 1816-இல் சென்னைக் கணக்குகள் நட்சத்திர வராகனில் எழுதப்பட்டன. ஒரு வராகனுக்கு 42 பணம். ஒரு பணத்துக்கு 80 காசு. 1818-இல் சென்னை மாகாணம் ரூபாய்க் கணக்குக்கு மாறிற்று. 100 வராகனுக்கு 350 ரூபாய் என்பது மாற்றுவிகிதம். இலங்கையிலோ அப்போது ரிக்ஸ் டாலர் வழங்கியது. 1825-இல் அங்கு ஆங்கிலப் பவுன் கணக்கு புகுத்தப்பட்டு, ஒரு ரிக்ஸ் டாலர் ஒரு ஷில்லிங் ஆறு பென்சுக்குச் சமமாக்கப்பட்டது. இவ்விரு மாற்றங்களும் அரசரின் வேலூர் வாழ்க்கைக்குள்ளேயே நிகழ்ந்தன.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். கணக்கு விளங்குவதற்காக மட்டும், ஒருவருக்கு 1817-இல் 100 என்றும் 1819-இல் 350 என்றும் ஏட்டில் எழுதப்பட்டிருப்பதாகக் கொள்வோம். நாணயப் பெயர் பக்கத்தின் தலைப்பில் மட்டும் இருந்து, படி எடுப்பவர் அதை விட்டுவிட்டால், உதவித்தொகை மூன்றரை மடங்காயிற்று என்ற முடிவு பிறக்கும். ஊவாக் கிளர்ச்சிக்குப் பின் அரசரின் மனத்தைக் குளிர்விக்கத் தொகையை உயர்த்தினர் என்று ஒரு காரணமும் எளிதில் கற்பிக்கப்படும். உண்மையில் ஒரு காசும் கூடவில்லை. இலங்கைப் பக்கக் கணக்கில் இதற்கு எதிரான மயக்கம் தோன்றும். 1,000 ரிக்ஸ் டாலர் 1825-க்குப் பின் 75 பவுன் என எழுதப்படும்போது, தொகை பெரிதும் குறைந்துவிட்டதுபோல் தெரியும். தொகை உயர்ந்ததா குறைந்ததா என்று கூறுமுன், அதே பட்டியலில் உள்ள பிறர் தொகைகளும் அதே விகிதத்தில் மாறியுள்ளனவா என்று பார்ப்பதே எளிய சோதனை. எல்லாம் ஒரே விகிதத்தில் மாறியிருந்தால் மாறியது நாணயம். ஒருவருடையது மட்டும் மாறியிருந்தால் அங்கே நிகழ்ச்சி ஒன்று உண்டு: திருமணம், பிறப்பு, இறப்பு, அல்லது தண்டனை.

இறப்பைப் பொறுத்தவரை இப்பட்டியல்கள் மிகுந்த நம்பகமுடையவை. தொகை நிற்கும் நாள் அதில் தெளிவாகத் தெரியும். ஆனால் அந்நம்பகத்துக்கும் ஓர் எல்லையுண்டு. இறப்பை உடனே தெரிவிப்பதால் குடும்பத்துக்கு இழப்பு. பிறப்பை உடனே தெரிவிப்பதால் ஆதாயம். ஆகவே பிறந்த நாள்கள் பெரும்பாலும் விரைந்தும், உறவில் தொலைவான முதியோரின் இறந்த நாள்கள் தாமதித்தும் ஏடேறும் என்பதை எதிர்பார்க்க வேண்டும். அரசரின் இறப்பில் இவ்வையத்துக்கு இடமில்லை. கண்காணிப்பின் நடுப்புள்ளியே அவர்தாம்.

மலபார், வடுகர், கண்டியர்

தமிழாய்வாளர்க்குப் பணத்தைவிடப் பெயர்களே முதன்மையானவை. கண்டி உடன்படிக்கையின் மூன்றாம் விதி, அரசரின் இரத்த உறவினரும் மண உறவினருமான ஆடவர் அனைவரையும் கண்டிப் பகுதிக்குள் நுழையலாகாதென்று மரண தண்டனை அச்சுறுத்தலோடு தடுத்தது. வெளியேற்றப்பட்ட மலபார் சாதி ஆடவரும் இசைவின்றித் திரும்பலாகாது என்றது. இங்கு மலபார் என்பது இன்றைய கேரளக் கடற்கரையைக் குறிப்பதன்று. தமிழரையும், தமிழகத்திலிருந்து வந்தோரையும் ஐரோப்பியர் குறித்த பெயர். கண்டி நகரில் அரசரின் உறவினர் வாழ்ந்த குமாருப்பெ வீதியும் ஆங்கிலத்தில் மலபார் தெரு எனப்பட்டது.

அதே மக்களைச் சிங்களப் புலவர் வேறு பெயரால் சுட்டினர். அரசரின் வீழ்ச்சியைப் பாடும் வடிக ஹட்டன என்னும் சிங்களப் போர்ப்பாடலின் பெயரிலுள்ள வடிக என்பது நம் இலக்கியம் அறிந்த வடுகரே. ஆக, உடன்படிக்கை மலபார் என்கிறது. சிங்களப் பாடல் வடுகர் என்கிறது. சென்னை வந்தபின் இதே குடும்பத்துக்குக் கண்டி என்னும் அடைமொழி ஒட்டிக்கொள்கிறது. கண்டியில் அயலாராக ஒதுக்கப்பட்டவர்கள், தம் முன்னோர் மண்ணுக்குத் திரும்பிய பின்னர் கண்டியர் ஆயினர். இடமே பெயரைத் தீர்மானித்துள்ளது. எனவே ஓர் ஆவணத்தில் மலபார் என்றோ கண்டியர் என்றோ வரும் சொல்லைக் கொண்டு ஒருவரின் மொழியையோ குலத்தையோ முடிவு செய்வது பிழையாகும். இந்நாளைய இன அரசியலின் இரு தரப்பினரும் இப்பிழையைச் செய்துவருகின்றனர் என்பது வருந்தத்தக்கது.

ஆள்பெயர்கள் இன்னும் கடினமானவை. நாயக்கர் பெண்பெயர்கள் ஆங்கில எழுத்தரின் காதில் விழுந்தபடி எழுதப்பட்டு, ஒரே அரசியின் பெயர் மூன்று ஆவணத்தில் மூன்று வடிவம் கொள்ளும். அம்மாள், தேவி முதலிய ஈறுகள் பெயரின் உறுப்பா மரியாதைச் சொல்லா என்பது ஆங்கில எழுத்தர்க்கு விளங்காது. சாமி என்பதில் முடியும் பெயர்களும் இவ்வாறே. அரசரின் இளமைப் பெயர் கண்ணுச்சாமி. 1803-இல் ஆங்கிலேயர் கண்டியில் அரசராக அமர்த்தி, பின் கொல்லப்பட்ட எதிராளியின் பெயர் முத்துச்சாமி. 1817-இல் ஊவாவில் தோன்றி, நாயக்க இளவரசர் துரைச்சாமி தாமே என்று கூறிக்கொண்டவர் உண்மையில் வில்பாவே என்னும் முன்னாள் பிக்கு. சாமி என முடியும் ஒரு பெயர் போதும், மக்கள் திரண்டனர். ஆங்கிலேயர்க்கு அச்சமும் பிறந்தது. பட்டியலைப் படிக்கும் தமிழறிஞர் ஈறுகளை நீக்கி, உறவுமுறையையும் தொகையையும் சேர்த்துப் பார்த்தே ஆள்களை அடையாளங்காண வேண்டும். இப்பணி ஆங்கில ஆவணங்களைப் பற்றியது எனினும், தமிழறிவின்றி நடவாது.

வில்பாவேயின் செய்தி வேலூர்க் கணக்கின் இன்னொரு பயனையும் விளக்குகிறது. கண்டியில் ஒருவன் நாயக்க இளவரசன் என்று எழுந்தால், உண்மையான உறவினர் ஒவ்வொருவரும் அன்று எங்கிருக்கிறார் என்பதை ஆங்கிலேயர் அறிந்தாக வேண்டும். மாதந்தோறும் தொகை பெறுபவர் தாம் இருக்குமிடத்தை மாதந்தோறும் மெய்ப்பிக்கிறார். உபகாரச் சம்பளப் பட்டியல் ஒருவகை வருகைப் பதிவேடே. இவ்வச்சம் அரசரோடு மறையவில்லை. அவர் இறந்து பதினாறு ஆண்டுகளுக்குப் பின், 1848 ஜூலையில், கொங்காலேகொட பண்டா தம்புள்ளையில் முடிசூடிக்கொண்டார். அவர் பின்னர் மலாக்காவுக்கு நாடுகடத்தப்பட்டார். நாயக்கர் குடும்பத்துக்கு இலங்கைக் கருவூலத்திலிருந்து பணம் தொடர்ந்து வழங்கப்பட்டமையை இப்பின்னணியில்தான் காண வேண்டும்.

பாலாற்றங்கரை

அரசர் 1832 ஜனவரி 30-ஆம் நாள், ஏறத்தாழ ஐம்பத்திரண்டாம் வயதில், உடலில் நீர்கோத்த நோயால் காலமானார். பாலாற்றங்கரையில் அவர் நினைவிடம் அமைந்தது. குடும்பத்தினர் சிலரின் நினைவிடங்களும் அவ்விடத்திலேயே உள்ளன. 1990-இல் தமிழக அரசு அங்கு முத்து மண்டபம் எழுப்பியது. இலண்டனுக்குக் கொண்டுசெல்லப்பட்ட கண்டி அரியணை 1934-இல் இலங்கைக்குத் திரும்பிற்று. அரசரின் உடல் எங்கும் திரும்பவில்லை. திரும்புவதற்கு எந்த ஊர் அவருடையது என்பதும் மேற்காட்டிய பெயர்ச் சிக்கலைப் போன்றதே.

அரசர் இறந்த பின்னரும் பட்டியல் நின்றுவிடவில்லை. அரசியர், மகன், உறவினர், அவர்தம் வழியினர் என அது இருபதாம் நூற்றாண்டு வரை நீண்டது. அரசர் உயிரோடிருந்தவரை கடிதங்களின் மையம் காவலாக இருந்தது. அவருக்குப் பின் அது பங்காக மாறியது. இன்னார் இறந்ததால் அவர் பங்கு யாருக்கு, மகளுக்கு உண்டா, தத்துப்பிள்ளைக்கு உண்டா, மணம் செய்து வேற்றூர் சென்றவர்க்கு உண்டா என்பனவே இத்தகைய குடும்பங்களின் மனுக்களில் எழும் வினாக்கள். அரசர் காலத்துக் கடிதங்களில் அதிகாரிகளே பேசுகின்றனர். பங்கைப் பற்றிய மனுக்களிலோ குடும்பத்தினரே பேசியாக வேண்டும்.

இங்குதான் தமிழ்த்துறை ஆய்வாளர்க்குரிய பணி இருக்கிறது. கும்பினி அலுவலகங்களுக்கு வந்த மனுக்கள் தமிழிலும் தெலுங்கிலும் எழுதப்பட்டு, அலுவலக மொழிபெயர்ப்பாளரால் ஆங்கிலமாக்கப்பட்டன. தீர்மானத் தொகுதிகளில் பெரும்பாலும் ஆங்கில வடிவமே படி எடுக்கப்பட்டது. மூலம் மாவட்ட அலுவலகக் கட்டுகளில் தங்கிவிட்டது. ஆங்கில வடிவத்தின் தலைப்பில் மொழிபெயர்ப்பு என்னும் குறிப்பு இருக்குமாயின், மூலம் ஒன்று இருந்தது என்பது உறுதி. அக்குறிப்பையும் நாளையும் எண்ணையும் பற்றிக்கொண்டு, எழும்பூர்த் தொகுதிகளிலிருந்து வடார்க்காடு மாவட்டக் கட்டுகளை நோக்கிப் பின்னோக்கி நடக்க வேண்டும். மேஜர் ஹுக்கிடம் கூறியதாக வரும் ஆங்கில வாக்கியத்துக்கு மூலம் இனிக் கிடைக்கப்போவதில்லை. ஆனால் தம் மாதத் தொகை குறைந்துவிட்டதென்று ஓர் அரச குடும்பத்துப் பெண் கையொப்பமிட்டு எழுதிய தமிழ்த் தாள் ஒன்று கிடைக்குமாயின், கண்டி அரண்மனையில் வழங்கிய தமிழ் எத்தகையது என்பதைப் பற்றி இதுவரை ஊகமாகப் பேசிவந்ததை வரிக்கு வரி சோதித்துப் பார்க்கலாம்.